'டிக்' சத்தம் வந்தாலே ரிலே நல்லதா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு எட்டு வயசு. ஏசி போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் சில சமயம் ஓடுவதில்லை, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ரிலேயில் 'டிக்' சத்தம் கேட்கிறது, அதனால் ரிலே நல்லது, மோட்டாரை மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். ஃபியூஸ் போகவில்லை. பக்கத்தில் ஹாரன் ரிலே அதே மாதிரி இருக்கிறது. மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா? ரிலேயை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன் இரண்டையும் செய்துவிடுங்கள். ரிலேக்குள் இரண்டு வேலை நடக்கிறது. 85, 86 என்று எண் போட்ட கால்களுக்கு இடையே காயில். அதில் கரன்ட் பாய்ந்தால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். அந்தத் தகடுதான் 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும் கான்டாக்ட். நீங்கள் கேட்ட 'டிக்', தகடு இழுபடும் சத்தம். காயில் உயிரோடு இருக்கிறது, காயிலுக்கு உத்தரவும் வருகிறது என்பதற்கு அது சாட்சி. கான்டாக்ட் கருகியிருந்தாலும் அதே 'டிக்' வரும். மெக்கானிக்கின் கணக்கில் விட்டுப்போனது அதுதான்.

மாற்றிப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல்தான் ஏமாறுகிறார்கள். சாவியை அணைத்து, ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, அதே ரிலேயை அதே இடத்தில் திரும்பச் செருகி ஓட்டிப் பாருங்கள். பிடுங்கிச் செருகும்போது காலும் சாக்கெட்டும் உரசி, படிந்திருந்த பாசி விலகும். அதனாலேயே கோளாறு மறையலாம். இதைச் செய்யாமல் நேரே ஹாரன் ரிலேயைப் போட்டு ஃபேன் ஓடிவிட்டால், குற்றம் ரிலேயிலா சாக்கெட்டிலா என்று உங்களால் சொல்ல முடியாது. பிடுங்கியதும் சாக்கெட்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, ரிலேயின் ஒரு கால் மட்டும் கறுத்து நீலம் பூத்திருந்தாலோ அங்கே சூடு பிறந்திருக்கிறது.

அடுத்து, இரண்டு ரிலேயும் நிஜமாகவே ஒன்றுதானா என்று பாருங்கள். உருவமும் கால் எண்ணிக்கையும் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரே அளவு ரிலேயில் 30-ம் 86-ம் இடம் மாறிய இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே சாக்கெட்டில் அழகாக உட்காரும். பாகம் எண்ணும், பக்கவாட்டில் அச்சிட்ட சின்ன சர்க்யூட் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தில் காயிலுக்கு இணையாக அம்புக்குறி போல டையோடு இருந்தால், மற்றதிலும் அது இருக்க வேண்டும்.

இப்போது இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஹாரன் ரிலே ஃபேனுக்கு, ஃபேன் ரிலே ஹாரனுக்கு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை டாஷ்போர்டில் போடாதீர்கள். கோளாறு ரிலேயோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்பதுதான் நம் கேள்வி. பல கார்களில் ஏசி போட்டதுமே ஃபேன் ஓட வேண்டும், ஆகவே எஞ்சின் சூடேறக் காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும்: ஃபேன் எந்த நிமிடமும் சுழலலாம், கையைத் தள்ளியே வையுங்கள்.

உங்கள் கோளாறு எப்போதாவது வருவது. ஒருமுறை ஓடியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில நாள் அப்படியே ஓட்டுங்கள். ஃபேன் ஒழுங்காகி, ஹாரன் எப்போதாவது கம்மினால் ரிலேதான். ஆனால் ஹாரன் ஒழுங்காக அடிக்கிறது என்பதால் அந்த ரிலே நல்லது என்று ஆகிவிடாது. ஹாரனுக்கு ஒரு நொடி வேலை, ஃபேனுக்கு நிமிடக்கணக்கில். சூட்டில்தான் வெளிப்படும் குறை ஹாரனில் ஒளிந்துகொள்ளும். சந்தேகம் மிஞ்சினால் மேசைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மேசையில் முதலில் காயில். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து 85, 86-இல் பிடியுங்கள். சாதாரண 12 வோல்ட் ரிலேயில் 50 முதல் 120 ஓம் வரை வரும். டையோடு உள்ளதில் முனைகளை மாற்றிப் பிடித்தால் எண் மாறக்கூடும், அது குறையல்ல.

பிறகு கான்டாக்ட். இதற்கு ஓம்ஸ் உதவாது. மீட்டர் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடும் குறையும் அந்த அளவுதான். கரன்ட் பாய்ச்சித்தான் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒயர், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-இலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து நெகட்டிவுக்கு. காயிலுக்கு 86-இல் பாசிட்டிவ், 85-இல் நெகட்டிவ். டையோடு உள்ள ரிலேயில் அச்சிட்ட படத்தைப் பார்த்தே கொடுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் டையோடு நொடியில் எரிந்துபோகும்.

பல்பு எரியும்போது மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து 30-க்கும் 87-க்கும் இடையே பிடியுங்கள். முனை கிளிப்பில் அல்ல, ரிலேயின் காலிலேயே படவேண்டும். நல்ல கான்டாக்ட் 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். காயிலைப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் எண்ணைப் பாருங்கள். பிறகு பத்து நிமிடம் எரியவிட்டு இன்னொரு முறை.

உதாரணத்துக்கு 0.9 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். பல்பு பளிச்சென்றே தெரியும், கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பல்பு இழுப்பது ஏறக்குறைய 4.6 ஆம்பியர். 0.9-ஐ 4.6-ஆல் வகுத்தால் 0.2 ஓம். அதே கான்டாக்டில் ஃபேனின் 10 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலையும். அந்தக் கடுகளவு இடத்தில் 20 வாட் சூடு. ஃபேன் மெதுவாகும், கான்டாக்ட் மேலும் கருகும், ஒருநாள் 'டிக்' மட்டும் மிஞ்சும். இந்த ரிலேயைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், புதிது வாங்குங்கள்.

ரிலேக்களை மாற்றியும் ஃபேன் பழையபடியே மக்கர் செய்தால் ரிலேயை விட்டுவிடலாம். ஃபேன் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து ரிலேயைக் கழற்றி, ஃபேனுக்குரிய அளவில் ஃபியூஸ் கோத்த ஒயரால் சாக்கெட்டின் 30-ஐயும் 87-ஐயும் இணையுங்கள். ஃபேன் ஓடாவிட்டால் முதலில் சாக்கெட்டின் 30-இல் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோட்டார், அதன் கனெக்டர், எர்த் ஒயர். அப்போது மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு. ஓடினாலோ, கழற்றும் முன் 'டிக்' கேட்டதா என்று நினைவில் வையுங்கள். கேட்டிருந்தால் சாக்கெட்டின் தளர்ந்த கிளிப். கேட்கவில்லை என்றால் காயிலுக்கு உத்தரவு வரவில்லை. சென்சார், ஏசி பிரஷர் சுவிட்ச், ஈசியு பக்கம் தேடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் போர்டிலேயே பற்றவைத்த ரிலேயோ, தனி கன்ட்ரோல் மாடியூலோ ஃபேனை இயக்கும் கார்களுக்கு இந்த முறை பொருந்தாது.

ரிலேதான் குற்றவாளி என்று முடிவானாலும், புதியதைப் போட்டதும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் டிசி கிளாம்ப் மீட்டரில் ஃபேனின் கரன்ட்டை அளக்கச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்து இறுகிய மோட்டார் அளவுக்கு மீறி இழுத்துத்தான் பழைய ரிலேயைக் கருக்கியிருந்தால், புதியதும் அதே வழியில் போகும்.