எச்-1பி நீட்டிப்பு பற்றி எச்.ஆருக்கு மெயில் எழுதும்போது எந்தத் தேதிகளைக் குறிப்பிட வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் எச்-1பியில் வேலை பார்க்கிறேன். ஐ-797 செப்டம்பர் 2027 வரை இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பற்றி எச்.ஆருக்கு எப்போது, எப்படி மெயில் போடுவது? என்னென்ன தேதி சொல்ல வேண்டும்?

பதில்:

மெயில் எழுதுமுன் i94.cbp.dhs.gov தளத்தில் "Get Most Recent I-94" என்ற இடத்துக்குப் போய், உங்கள் பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் ஐ-94, அதாவது நுழைவுப் பதிவு, வரும்; "Admit Until Date" என்று ஒரு தேதி அதில் இருக்கும். நீங்கள் அமெரிக்காவில் எதுவரை இருக்கலாம் என்று முடிவு செய்வது அந்தத் தேதிதான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. ஐ-797, நிறுவனம் போட்ட மனு எதுவரை செல்லும் என்று காட்டும் தாள். அது ஐ-797ஏ-ஆக இருந்து, அதற்குப் பிறகு நீங்கள் வெளிநாடு போகாமல் இருந்தால், அதன் அடியில் இருக்கும் ஐ-94 தான் கணக்கு. போய்த் திரும்பியிருந்தால், கடைசியாக நுழைந்தபோது கிடைத்த ஐ-94 தான்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், விமான நிலைய அதிகாரி ஐ-94ஐ பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிடுவார். ஐ-797 அதற்குப் பல மாதங்கள் பின்னால் இருக்கும். நிறுவனத்தின் நாட்காட்டியில் பெரும்பாலும் ஐ-797 தேதிதான் ஏறியிருக்கும், ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கும் தாள் அது. நீங்கள் திரும்பி வந்தபோது என்ன தேதி கிடைத்தது என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். நீட்டிப்பு மனு போடாமல் அந்தத் தேதி கடந்தபின் வேலையில் இருப்பது சட்டவிரோதம். நிறுவனத்துக்கும் அது சிக்கல்.

பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். சிறுவர்களுக்கான இந்திய பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி ஐ-94 உண்டு, ஆகவே குழந்தையின் தேதி உங்களுடையதற்கு முன்பே முடிந்துவிடலாம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐ-797 முடிவது 30 செப்டம்பர் 2027. பாஸ்போர்ட் முடிவது 14 மார்ச் 2027. ஜனவரி 2026இல் சென்னையிலிருந்து திரும்பியதால் ஐ-94ம் 14 மார்ச் 2027 என்றே இருக்கிறது. குழந்தையின் பாஸ்போர்ட்டும் ஐ-94ம் 2 டிசம்பர் 2026. நீட்டிப்புக்கான ஐ-129 மனுவை, நீட்டிப்பு தேவைப்படும் நாளுக்கு 6 மாதம் இருக்கும்போதுதான் நிறுவனம் போடத் தொடங்கலாம், அதற்கு முன்னால் முடியாது. தேவைப்படும் நாள் 15 மார்ச் 2027 என்றால், முதல் நாள் 15 செப்டம்பர் 2026. குழந்தையின் தங்கும் காலத்தை நீட்டிக்கும் ஐ-539 விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டுமானால் கடைசி நாள் 2 டிசம்பர் 2026. ஆக, நிறுவனம் வேலையை முடிக்க வேண்டிய இடைவெளி இந்த இரண்டரை மாதம். எச்.ஆர். கணக்கில் அது 2027 வேலை!

அதனால் இந்தக் குடும்பம் ஜூலை 2026இலேயே மெயில் போட வேண்டும். இருவருக்கும் புது பாஸ்போர்ட் எடுக்கவே நேரம் பிடிக்கும். பழைய பாஸ்போர்ட்டோடு நீட்டிப்பு கேட்பது சிக்கலைத் தள்ளிப்போடுவதுதான். நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையில் உங்கள் சம்பளம், வேலை செய்யும் இடம் பற்றிய எல்.சி.ஏ. என்ற சான்றை வாங்க வேண்டும், அதற்கே 7 வேலை நாள் ஆகும். அதன்பிறகுதான் மனு.

மெயிலைச் சுருக்கமாக வையுங்கள். சப்ஜெக்டில் உங்கள் பெயரும் "எச்-1பி நீட்டிப்பு, ஐ-94 முடிவு 14 மார்ச் 2027" என்பதும் இருக்கட்டும். உள்ளே, ஆங்கிலத்தில், இந்த உள்ளடக்கம் போதும்:

"என் ஐ-797 30 செப்டம்பர் 2027 வரை இருந்தாலும், பாஸ்போர்ட் காரணமாக ஐ-94 14 மார்ச் 2027இலேயே முடிகிறது. நகல் இணைத்திருக்கிறேன். என் குழந்தையின் ஐ-94 2 டிசம்பர் 2026இல் முடிகிறது. புது பாஸ்போர்ட்டுகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நான் வேலை செய்யும் முகவரி மாறவில்லை. டிசம்பர் கடைசியில் இந்தியா செல்லத் திட்டம் இருக்கிறது, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இதைக் குடியேற்ற வழக்கறிஞருக்கு அனுப்பி, மூன்று விஷயங்களுக்குப் பதில் வாங்கித் தர வேண்டுகிறேன். மனுவை எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்? குடும்பத்துக்கான ஐ-539ம் அதோடு போகுமா? என்னிடமிருந்து எந்தெந்த ஆவணங்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும்?"

முகவரி வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் வேறு நகரத்துக்குக் குடிபோயிருந்தால் எல்.சி.ஏ. அந்த ஊருக்குச் செல்லாது. திருத்த மனு தேவைப்படலாம். நீட்டிப்பு மனு போகும் நேரத்தில் அது தெரியவந்தால் கேள்விகள் கிளம்பும். பயணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனு நிலுவையில் இருக்கும்போது வெளியே போய் வந்தால் எந்த ஐ-94 கணக்கில் வரும் என்பதே மாறிவிடும். பதில் வந்தபின் டிக்கெட் எடுங்கள். (விசா இன்னும் செல்லும் நிலையில், புது பாஸ்போர்ட்டோடு வெளியே போய்த் திரும்பினால் ஐ-797 முடியும் நாள்வரை ஐ-94 கிடைக்க வாய்ப்புண்டு, அந்த வழியும் ஒத்துவருமா என்று வழக்கறிஞரிடமே கேட்கலாம்.)

"கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடிக்காதீர்கள். எதைச் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க எச்.ஆருக்கு அந்த வரியில் தெரியாது. கட்டணத்தை நானே தருகிறேன் என்றும் எழுத வேண்டாம். எச்-1பி மனுவின் செலவு நிறுவனத்தின் பொறுப்பு. குடும்பத்தின் ஐ-539 வேறு, அதை யார் கட்டுவது என்று நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலும் "உங்கள் ஐ-797 2027 செப்டம்பர் வரை இருக்கிறது, சிஸ்டம் தானாகவே தொடங்கும்" என்று பதில் வரும். அதே மெயில் இழையில், ஐ-94 நகலை மறுபடி இணைத்து, "நான் சொல்வது ஐ-797 அல்ல, ஐ-94 தேதி" என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மேலாளரையும் சிசியில் சேருங்கள். மனு போடும் உரிமை நிறுவனத்துக்குத்தான், உங்களால் தனியாகப் போட முடியாது. அதனால் கூச்சப்பட இடமில்லை.

ஐ-94 முடியுமுன் மனு குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வராவிட்டாலும் அதே நிறுவனத்தில் 240 நாள்வரை வேலையைத் தொடரலாம். தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, அவர்கள் பெற்ற நாள்தான். மனு நிராகரிக்கப்பட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் ஐ-94 தேதியோடு முடிவதால், இந்தக் காத்திருப்பில் வண்டி ஓட்டுவதே பிரச்சினையாகிவிடும். பிரீமியம் பிராசஸிங் கேட்டால் 15 வேலை நாளில் ஐ-129க்கு முடிவோ கேள்வியோ வரும். எச்-4 குடும்ப மனுவுக்கு அந்த வசதி கிடையாது.

எச்-1பியில் ஐந்தாம் ஆண்டைத் தாண்டியவர்கள் மெயிலில் நாலாவது கேள்வி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எச்-1பிக்கான ஆறாண்டு வரம்பு எந்தத் தேதியில் முடிகிறது, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு எந்த நிலையில் இருக்கிறது? அதற்குமேல் நீட்டிப்பு கிடைப்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. வெளிநாட்டில் கழித்த நாட்களை ஆறாண்டுக் கணக்கில் திரும்பக் கேட்கலாம் என்பதால், பயணத் தேதிகளின் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள்.