ஷீல்டு போட்ட கேட் 6ஏ வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மதுரை திருநகரில் வீடு கட்டுகிறோம். மாடியும் சேர்த்து ஆறு இடத்தில் நெட் பாயின்ட் வருகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன், "ஷீல்டு போட்ட கேட் 6ஏ கேபிள் வாங்கிருங்க, நாளைக்கு பத்து கிகாபிட் வந்தாலும் தாங்கும்" என்கிறார். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. கேட் 5இ போதாதா?

பதில்: இன்றைக்கு வீட்டில் ஓடும் கிகாபிட்டுக்கு 5இ தாராளமாகப் போதும், 100 மீட்டர் வரை. ஆனால் சுவருக்குள் போவதை அடிக்கடி மாற்ற முடியாது, அதனால் நானாக இருந்தால் சாதா கேட் 6 போடுவேன். 6ஏ வேண்டாம்.

பத்து கிகாபிட் கேட் 6-இல் ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும், தூரம்தான் கணக்கு. கேட் 6-ஐ 250 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சோதிக்கிறார்கள், பத்து கிகாபிட்டோ அதைத் தாண்டிப் போகிறது. அந்த உயரத்தில் பக்கத்துக் கேபிளின் சிக்னல் மின் இரைச்சலாக உள்ளே கசியும். அதனால் 55 மீட்டர் வரைதான் கணக்கு, நிறைய கேபிளைக் கட்டுக்கட்டாக நெருக்கிப் போட்டால் 37 மீட்டருக்குக்கூட இறங்கிவிடும். 500 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் 6ஏ முழு 100 மீட்டரும் போகும். பெரிய ஆபீசுக்கு அது தேவை. உங்கள் வீட்டில் ஹாலில் இருந்து மொட்டை மாடி அறை வரை சுற்றி வளைத்து இழுத்தாலும் 30 மீட்டர் வருமா?

ஷீல்டு விஷயத்தில் அண்ணன் சொல்வதைக் கேட்க வேண்டாம். வெளி மின் இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றியிருக்கும் அந்த உலோக உறை ஜாக், பேட்ச் பேனல் வழியாக எர்த் வரை தொடர்ந்து போனால்தான் பயன். சுவரில் பிளாஸ்டிக் ஜாக்கை மாட்டினால் கொடுத்த காசு சுவருக்குள் சும்மா கிடக்கும். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருந்தால் வேறு கதை. கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் நெட் கேபிளை விடாதீர்கள், தனிப் பைப் போடச் சொல்லுங்கள்.

உண்மையில் ஏமாறுகிற இடம் வேறு. டவுன்ஹால் ரோட்டில் "கேட் 6" என்று பாதி விலைக்குச் சொன்னால், அலுமினியத்தில் செம்பு பூசியதாக இருக்கலாம். கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். அது வளைக்கும்போது எளிதில் ஒடியும், கேமராவுக்கு அதே கேபிளில் கரண்ட் கொடுத்தால் கூடுதலாகச் சூடாகும்.

பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு லைனையும் லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். விண்டோஸில் Link speed என்ற இடத்தில் 1000/1000 (Mbps) வர வேண்டும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி ஒடிந்தாலோ சரியாகக் குத்தாமல் விட்டாலோ பெரும்பாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100/100-க்கு இறங்கிவிடும். அப்படிக் காட்டினால் முதலில் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள், அப்புறமும் 100 என்றே காட்டினால் அந்தக் கேபிளை உருவிவிட்டு வேறு இழுக்க வேண்டியதுதான்.