கழுத்து ஸ்கேனில் ‘75% அடைப்பு’: அந்த எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. தொண்டிப் பக்கம் படகுத் தொழில். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. தலைசுற்றல் என்று போனதற்குக் கழுத்து டாப்ளர் எடுத்தார்கள். ‘வலது ICA-வில் 75% அடைப்பு’ என்று எழுதி, இந்த வாரமே மதுரையில் ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் PSV 148, EDV 38, CCA 74/18, ஏரியா ரிடக்‌ஷன் 75% என்று இருக்கிறது. இடது பக்கம் ICA 70/24, CCA 78/20. படத்தில் மலை மலையாகக் கோடு ஓடுகிறது, எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேனும் ஆளும் தயாராக நிற்கிறார்கள். கிளம்பலாமா?

பதில்: வேனை அனுப்பிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் அப்பாவுக்கு இருப்பது 50 சதவீதத்தை ஒட்டிய அடைப்பு. இந்த வாரமே ஓட வேண்டிய அளவு இல்லை. ஆனால் முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் சில நிமிடம் திரை விழுந்தது போல் மறைப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கடந்த ஆறு மாதத்தில் வந்திருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் இன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வெறும் தலைசுற்றல் கழுத்து ரத்தக்குழாயின் அடையாளம் அல்ல. அதற்குக் காதின் உட்பகுதி, எழுந்ததும் இறங்கும் பிரஷர், சுகர் குறைவது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பது என்று வேறு காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

அந்த 75-ஐப் பார்ப்போம். ரத்தக்குழாயைக் குறுக்கே வெட்டிய வட்டமாக வைத்து, எவ்வளவு பரப்பு அடைபட்டது என்று கணக்கிட்டால் வருவது ‘ஏரியா’ சதவீதம். அகலம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வருவது ‘டயாமீட்டர்’ சதவீதம். 6 மில்லிமீட்டர் அகலக் குழாயில் 3 மில்லிமீட்டர் வழி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் பாதி போயிருக்கிறது, அது 50%. பரப்பில் நான்கில் மூன்று பங்கு போயிருக்கிறது, அது 75%. அடைப்பு ஒன்றேதான். ஆபரேஷனோ ஸ்டென்ட்டோ யாருக்கு என்று முடிவு செய்யும் வரம்புகள் எல்லாமே அகலக் கணக்கில் எழுதப்பட்டவை. அதிலும் அகலத்தை ஒப்பிடுவது அடைப்புக்கு மேலே, தாடைக்கு அடியில் ஒரே சீராக ஓடும் குழாயோடு. பரப்புச் சதவீதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வரம்பில் நிறுத்தினால் பாதி ஊருக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டியதுதான். ‘ஏரியா’ என்ற சொல்லை ரிப்போர்ட்டின் கடைசி வரிக்குள் வரும்போது விழுங்கிவிடுகிறார்கள். படிப்பவருக்கு 75 மட்டும் மிஞ்சுகிறது.

உண்மையில் டாப்ளரில் அடைப்பை மதிப்பிடுவது அந்த மலைக்கோட்டை வைத்துத்தான். பாம்பன் கால்வாயில் பாறைக்கு இடையே நீரோட்டம் எப்படி வேகம் எடுக்குமோ, அப்படித்தான் குறுகின இடத்தில் ரத்தமும் ஓடும். அந்த வேகத்தை அளந்து, குறுக்கம் எவ்வளவு இருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்கிறோம். படத்தில் இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக விநாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்ற வேகம். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு மலை. மலையின் உச்சி PSV. அடுத்த மலை ஏறத் தொடங்கும் முன் கோடு நிற்கும் உயரம் EDV. மூளை ஓயாமல் ரத்தம் கேட்கும் உறுப்பு. ஆகையால் மூளைக்குப் போகும் உள் கரோட்டிட்டான ICA-வில் இரண்டு மலைகளுக்கு நடுவிலும் கோடு தரையைத் தொடாது. முகத்துக்குப் போகும் வெளிக் கரோட்டிட்டில் அது தரையை ஒட்டிவிடும். அப்பாவுடைய படத்தில் 38-ல் நிற்கிறது, ஆக அவர்கள் அளந்தது சரியான குழாயைத்தான்.

அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியக்க நிபுணர்கள் கூடி வகுத்து 2003-ல் வெளியிட்ட வரம்புகளைத்தான் நம் ஊரிலும் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ICA-வின் PSV 125-க்குக் கீழே இருந்தால் அடைப்பு 50 சதவீதத்துக்குக் குறைவு. 125 முதல் 230 வரை 50–69. 230-க்கு மேல் போனால் 70 அல்லது அதற்கு மேல். இந்த முதல் படி மிகவும் தாழ்ந்து கிடக்கிறது என்று 125-ஐ 180 ஆக உயர்த்திய மையங்களும் உண்டு. உச்சியை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. பிரஷர் ஏறி இருக்கும் நாளில் எல்லாக் குழாயிலும் வேகம் கூடும். அதனால் ICA-வின் உச்சியை, கீழே அதற்கு ரத்தம் கொடுக்கும் பொதுக் கரோட்டிட்டான CCA-வின் உச்சியால் வகுக்க வேண்டும். 148-ஐ 74-ஆல் வகுத்தால் 2. விகிதம் 2 முதல் 4 வரை 50–69 வகுப்பு, 4-ஐத் தாண்டினால்தான் 70. EDV 40 முதல் 100 வரை நடு வகுப்பு. அப்பாவுக்கு 38, அதற்கும் கொஞ்சம் கீழே. மூன்று கணக்கும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: நடு வகுப்பின் வாசற்படி. டாப்ளரால் வகுப்புதான் சொல்ல முடியும். 63, 75 என்று துல்லியமாக எழுதியிருந்தால் அது வேகத்தில் இருந்து வந்த எண் அல்ல, படத்தில் கோடு வரைந்து எடுத்தது.

CCA-வை எங்கே அளந்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே அளக்க வேண்டும். பிரியும் இடத்தின் அகலமான குமிழிலேயே அளந்தால் அந்த எண் குறைந்து, விகிதம் வீங்கிவிடும்.

எண்ணை மாற்றுவதில் கோணத்தை மிஞ்ச ஆள் இல்லை. மெஷின் வேகத்தை நேராக அளப்பதில்லை. ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவிலுள்ள கோணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கோணக் கோட்டைக் குழாயின் சுவருக்கு இணையாக வைப்பது ஸ்கேன் எடுப்பவர் கை. 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி, ஏனென்றால் அதற்கு மேல் சிறு பிசகும் பெரிதாகிவிடும். உண்மையான கோணம் 60 இருக்க, அவசரத்தில் 72 என்று வைத்துவிட்டால் அப்பாவின் 148 அப்படியே 239 என்று வந்து நிற்கும். ரத்தம் அதே, குழாய் அதே, ஆனால் நோயாளி ‘70-க்கு மேல்’ வகுப்புக்குப் போய்விட்டார். படத்தின் ஓரத்தில் டிகிரி அச்சாகியிருக்கும், தேடிப் பாருங்கள். மலையின் உச்சி மேலே வெட்டுப்பட்டு, மிச்சம் கோட்டுக்குக் கீழே தலைகீழாகத் தெரிந்தால் வேக அளவுகோலைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள் என்று பொருள். அந்தப் படத்தில் உச்சி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, எண் குறைவாக இருந்தாலே நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். குறுக்கம் கூடக்கூட வேகம் ஏறும் என்பது ஓர் எல்லை வரைதான். குழாய் நூல் அளவுக்குச் சுருங்கிவிட்டால் உள்ளே போகும் ரத்தமே சொற்பம், அப்போது வேகம் இறங்கத் தொடங்கும். 300-ஐத் தொட்ட குழாய் பிறகு 60-ஐக் காட்டும். ‘60 தானே, நார்மல்’ என்று எழுதி அனுப்பினால் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. நிறப்படத்தில் குழாய் முழுதும் நிறையாமல் நூல்போல ஓடும். அடைப்புக்கு மேலே எடுத்த மலைக்கோடு கூர்மை இழந்து, மெதுவாக ஏறி, வட்டமாகத் தேய்ந்திருக்கும். அடைப்புக்குக் கீழே CCA-வில் EDV தரையை ஒட்டிக் கிடக்கும். மறுபக்கத்தில் அது 20-ல் நிற்கும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதற்குத்தான் இரண்டு கழுத்தையும் எடுக்கச் சொல்வது. இன்னொரு சிக்கலும் உண்டு. வேகமான ஓட்டத்துக்கு வைத்த அளவுகோலில் இந்தக் கசிவு தெரியவே தெரியாது. உடனே ‘முழு அடைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். அளவுகோலையும் ஃபில்டரையும் தாழ்த்தி நிதானமாகத் தேடினால்தான் சொட்டு ஓட்டம் பிடிபடும். முழுதாக அடைந்த குழாயை வழக்கமாகத் திறக்கப் போவதில்லை, நூலளவு திறந்திருப்பதற்கு யோசனை வேறு. எனவே ‘முழு அடைப்பு’ என்ற சொல்லை சிடி ஆஞ்சியோ பார்க்காமல் ஏற்கக்கூடாது. அப்பாவுக்கு வலது CCA-வில் EDV 18, இடதில் 20. இந்தப் பயம் அவருக்கு இல்லை.

வேனோடு நிற்கும் ஆளுக்கு வருவோம். ராமநாதபுரம் கரையோரத்தில் இருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள். ‘கார்டிலேயே முடிந்துவிடும், கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்பார்கள். ஒரிஜினல் ரிப்போர்ட்டையும் படம் பதிந்த சிடியையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும். மதுரையில் ஸ்டென்ட் வைக்கப்போகும் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்: அறிகுறி இல்லாதவர்களுக்கு நீங்கள் வைத்ததில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ வந்தது? 3-க்கு மேல் என்றால், இல்லை பதிலே வரவில்லை என்றால், அங்கே வேலை இல்லை. ஸ்டென்ட் வைக்கும்போதே துகள் பெயர்ந்து மூளைக்குப் போகலாம் என்பதை அந்த ஆள் சொல்லமாட்டார்.

ஸ்கேன் சென்டர்காரர்களையும் விட முடியாது. இரண்டு கழுத்தையும் ஒழுங்காகப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும். வாசலில் வரிசை நிற்க, பத்து நிமிடத்தில் முடித்து, கோணமும் CCA எண்ணும் இல்லாத ஒற்றை வரி ரிப்போர்ட்டைக் கையில் திணிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை டாக்டர் என்ன செய்வார்? திரும்ப எடுங்கள் என்பார். நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி போகும். உங்கள் ரிப்போர்ட்டில் எண்களாவது இருக்கின்றன, அதுவே பெரிய காரியம்.

இப்போது செய்ய வேண்டியது: ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தேவையா, எந்த அளவு என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள், தொடங்கினால் நிறுத்தாதீர்கள். பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். பீடி இருந்தால் விட வேண்டும், கருவாட்டைக் குறைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கழுத்து ஸ்கேனைத் திரும்ப எடுங்கள், முடிந்தால் அதே மெஷினில். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, கழுத்துப் பட்டன் திறக்கும் சட்டை போதும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இரண்டு பக்கமும் CCA, ICA மலைக்கோட்டுப் படம் கோணத்தோடு அச்சாக வேண்டும், சதவீதம் எழுதினால் ஏரியாவா டயாமீட்டரா என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இடையில் முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ ஸ்கேனுக்கு நாள் பார்க்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட அதிகபட்சம் நாலரை மணி நேரம், அது அறிகுறி தொடங்கிய நிமிடத்தில் இருந்து ஓடுகிறது, நீங்கள் மருத்துவமனை வாசலை மிதித்த நிமிடத்தில் இருந்து அல்ல.