யார் மேல் கடமை?

கேள்வி: நாங்கள் திண்டுக்கல் பக்கம். கணவரின் கடை நஷ்டத்தில் போய் மூன்று லட்சம் கடன். ஆனாலும் "ஊர் என்ன சொல்லும்" என்று, வட்டிக்கு வாங்கியாவது பக்ரீதுக்கு ஆடு எடுக்க வேண்டும் என்கிறார். கறியை மூன்று பங்கு வைத்தால், சொந்தக்காரர் பங்கு அப்படியே என் மூன்று நாத்தனார் வீடுகளுக்குப் போய்விடுகிறது. மாமி அப்படித்தான் பிரிப்பார். வீட்டில் ஆறு பேர். இந்த வருஷம் மட்டும் முழுவதையும் நாங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா? (அத்தா போட்ட 22 பவுன் லாக்கரில்தான் கிடக்கிறது. அதைத் தொடக் கூடாது என்பார் என் கணவர், நல்ல மனிதர்.)

பதில்: நாத்தனார்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்களே, அந்த 22 பவுனைப் பற்றிப் பேசுவோம்.

ஹனஃபி மத்ஹபில் குர்பானி வீட்டுத் தலைவருக்கென்று வைத்த கடமை இல்லை. பெருநாள் நாட்களில் ஊரில் இருக்கிற, தேவைக்கு மேல் நிஸாப் அளவு சொத்துள்ள, பருவமடைந்த ஒவ்வொருவர் மேலும் தனித்தனியே கடமை. தங்கத்தில் நிஸாப் 87.48 கிராம், ஏறக்குறைய 11 பவுன். உங்களிடம் இருப்பது 176 கிராம். ஜக்காத்துக்குப் போல ஒரு வருஷம் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது. உங்கள் கணவர் கடனைக் கழித்தால் அவரிடம் நிஸாப் மிஞ்சுவதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் அவர் மேல் கடமை இல்லை. அவர் கடன் அவருடையது, உங்கள் நகையிலிருந்து அதைக் கழிக்க முடியாது. ஆக, அந்த வீட்டில் குர்பானி கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்! கடமையே இல்லாத மனிதர், ஊருக்குப் பயந்து ஹராமான வட்டிக்குப் போகிறார். கடமை உள்ளவர் அவரை நல்ல மனிதர் என்று பாராட்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள். அந்த நகைக்கு வருஷா வருஷம் ஜக்காத் போகிறதா? அதையும் நீங்கள் எழுதவில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் ஷாஃபிஈ மத்ஹபில் இது சுன்னத். வீட்டில் ஒருவர் கொடுத்தால் எல்லாருக்கும் போதும். அங்கே உள்ள உறவுக்காரர் யாராவது அப்படிச் சொன்னால், அதை வைத்து நீங்கள் தப்பிக்க வேண்டாம்.

நகையை மொத்தமாக விற்கச் சொல்லவில்லை. முழு ஆடும் தேவையில்லை. ஜமாஅத்தில் கூட்டுக் குர்பானி நடந்தால், ஏழு பேர் சேரும் மாட்டில் ஒரு பங்கு எடுங்கள். ஆட்டை விடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும். அதற்குச் சின்ன மோதிரம் ஒன்றை விற்றாலும் போதும். கணவர் போய்க் கொடுத்து வரலாம், ஆனால் உங்கள் சம்மதத்தோடு, உங்கள் பெயரில். அங்கே ஏழு பங்கையும் தராசில் நிறுத்துத்தான் பிரிப்பார்கள், கண்மதிப்பில் விடக் கூடாது. பங்காளிகளில் ஒருவர் வெறும் கறிக்காகச் சேர்ந்தாலும் மற்ற ஆறு பேர் குர்பானியும் கெடும். அதனால் யாரோடு சேருகிறோம் என்று விசாரித்துச் சேருங்கள்.

இப்போது மூன்று பங்கு. நமக்கு ஒன்று, உறவு நட்புக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்பது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. குடும்பம் பெரிது, கஷ்டம் என்றால் கூடுதலாக வைத்துக்கொள்ள ஹனஃபியில் அனுமதி உண்டு. நேர்ச்சைக் குர்பானி மட்டும் வேறு; அதில் ஒரு துண்டு கூட நீங்கள் சாப்பிட முடியாது, முழுவதும் ஏழைக்கு.

ஆனால் முழுவதையும் வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். குர்ஆன் ஹஜ் அத்தியாயத்தில் சாப்பிடுங்கள் என்று சொன்ன கையோடு, கேட்காமல் இருப்பவருக்கும் கேட்பவருக்கும் கொடுங்கள் என்கிறது. கேட்காமல் இருப்பவர் உங்கள் தெருவிலும் இருப்பார். பங்கில் 12 கிலோ வந்தால், ஆறு பேருக்கு ஆறு கிலோ எடுத்து, நான்கு கிலோவை ஏழைக்கு ஒதுக்குங்கள். கொழுப்பும் எலும்பும் மட்டும் அந்தப் பக்கம் போகாமல், பிரிக்கும் முன்பே தொடை, நெஞ்சு எல்லாம் கலந்துவிடுங்கள். மீதி இரண்டு கிலோ நாத்தனார்களுக்கு. மூவரில் யாராவது கஷ்டப்பட்டால் அவருக்கு ஏழைப் பங்கிலிருந்தே தாராளமாகக் கொடுக்கலாம், சொந்தம் என்பதற்காக அவர் ஏழை இல்லாமல் போய்விட மாட்டார்.

இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்றுதானே அடுத்த கேள்வி? குர்பானி உங்கள் பெயரில் நடந்தால் கறி உங்களுடையது, பிரிக்கும் உரிமையும் உங்களுடையது. மாமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தராசு உங்கள் கையில் இருக்கட்டும். அறுப்பவர் கூலியைப் பணமாகத் தனியே கொடுங்கள். கறியிலோ தோலிலோ கழிக்கக் கூடாது.

கணவரிடம் இன்றே பேசுங்கள், வட்டிக்காரர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே.