பண்டிகை நாள் நிகழ்ச்சி நிரல் உருவாகும் விதம்: மலேசிய நேயர்களின் கேள்விகளும் பதில்களும்

செந்தூல் நேயர்: தீபாவளியன்று சென்னை அலைவரிசை ஒளிபரப்பும் புதுப்படம் நமக்கு ஏன் நள்ளிரவு தாண்டி முடிகிறது? மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா?

சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் நிகழ்ச்சித் திட்டமிடல் பிரிவில் இருந்தவன் என்பதால், நாங்கள் போட்ட கணக்கையே சொல்கிறேன். இந்திய விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்திற்கும் சொந்த முன்னோட்டத்திற்கும் சேர்த்து 12 நிமிடமே உண்டு. மீதி 48 நிமிடம் படத்திற்கு. இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிடப் படம், இந்தக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மணி எட்டு நிமிடம் ஓடும். சென்னையில் மாலை 6.30க்குத் தொடங்கினால் 9.38க்கு முடியும். அங்கே அது குடும்பமாக உட்கார்ந்து பார்க்க மிக வசதியான நேரம். நாமோ இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். அதே ஒளிபரப்பு நேரடியாக வந்தால் இங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கி 12.08க்குத்தான் முடியும்.

நிரலைப் பின்னாலிருந்து முன்னோக்கித்தான் எழுதுவோம். முதலில் மாலை 6.30 புதுப்படத்தை வைப்போம். அடுத்து காலை 11 மணிக்கு ஒரு படம், அது 2.08 வரை போகும். பிறகு 2.30க்குச் சற்றே பழைய வெற்றிப் படம் ஒன்று, அது 5.38 வரை. இவற்றுக்கு நடுவே பிற்பகலில் இருபது நிமிடத்திற்கு மேலும், மாலையில் ஏறத்தாழ ஐம்பது நிமிடமும் இடைவெளி விழுகிறது அல்லவா? நட்சத்திரப் பேட்டிகள் பெரும்பாலும் அந்த இடைவெளிகளின் அளவுக்கேற்பத் தைக்கப்பட்டவை. பட்டிமன்றத்திற்கு மட்டும் காலை 10 மணி என்பது ஏறக்குறைய உரிமை இடம். இங்கே அது 12.30 ஆகிவிடுவதால், திறந்த இல்ல உபசரிப்புக்கு விருந்தினர் வந்து நிற்கும் வேளையில் நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கிள்ளான் நேயர்: பண்டிகை நாளில்தான் விளம்பரம் அதிகம் கிடைக்கும், அதனால்தான் புதுப்படங்களை அன்றைக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். சரிதானே?

பாதி சரி. தீபாவளிக்கு முன்பு அதிகமாகச் செலவழிப்பவை துணிக்கடைகளும் நகைக்கடைகளும். ஆனால் பண்டிகை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தியவரிடம் புடவை விளம்பரம் காட்டி என்ன பயன்? அவர்களின் பணம் முந்தைய மூன்று நான்கு வாரங்களில் வந்துவிடுகிறது. ஆகவே புதுப்படத்தின் விளம்பர மதிப்பு அது ஒளியேறும் மூன்று மணி நேரத்தில் மட்டும் இல்லை. பல நாள் திரும்பத் திரும்ப ஓடும் முன்னோட்டத்தோடு ஒரு கடையின் பெயரைச் சேர்த்து விற்பதும் அதில் அடங்கும்.

பார்வையாளர் கணக்கும் உண்டு. இந்தியாவில் பார்க் நிறுவனத்தின் அளவீட்டு வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. பண்டிகை வாரத்தின் நடுவில் வந்தால், மிகப் பெரிய படத்தை அன்றே போடுவதா, அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வைப்பதா என்று கூட்டத்தில் சண்டையே நடக்கும். நான் ஞாயிறு கட்சி. தீபாவளியன்று பலர் வீட்டில் இருந்தாலும் தொலைக்காட்சியின் முன் இருப்பதில்லை. என் மேலாளர் கடைசிவரை இதை ஏற்கவில்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை: அட்டவணையில் ஒரு படம் போட்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் வேறு படம் வந்தது. பெட்டியைத் திருப்பித் தர வேண்டுமா?

உங்கள் பெட்டியில் குறை இல்லை, அம்மா. இந்தியத் தொலைக்காட்சி உரிமையும் வெளிநாட்டு உரிமையும் தனித்தனியாக விற்கப்படுவதுண்டு. மலேசியாவுக்கான உரிமையை வேறொருவர் வாங்கியிருந்தால், இங்கே வரும் ஒளிபரப்பில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே நீளமுள்ள இன்னொன்றை வைப்பார்கள். நாளிதழிலோ இணையத்திலோ நீங்கள் பார்த்தது இந்திய அட்டவணையாக இருக்கக்கூடும். பெட்டியின் திரையிலேயே வரும் நிரலைப் பாருங்கள்.

ஈப்போ சாலை இளைஞர்: புதுப்படத்தில் சண்டைக் காட்சிகளை வெட்டிவிடுகிறார்கள். நம் நாட்டுத் தணிக்கைதானே காரணம்?

எப்போதும் இல்லை, தம்பி. இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. தயாரிப்பாளர் வெட்டிக் குறைத்து, ‘யு/ஏ’ அல்லது ‘யு’ சான்றிதழை மறுபடி பெற வேண்டும். ஆகவே சென்னையை விட்டுக் கிளம்பும்போதே அது மெலிந்திருக்கும். இங்கும் தணிக்கை உண்டு என்பதால் எந்த வெட்டு எங்கே விழுந்தது என்று வீட்டிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். திரையரங்கில் பார்த்த படத்தைவிடக் கதையே தாவுகிறது என்றால் சென்னையில் விழுந்த வெட்டையே சந்தேகப்படுவேன்.

பிரிக்பீல்ட்ஸ் நேயர்: நட்சத்திரங்கள் உண்மையிலேயே பண்டிகையன்று நிலையத்துக்கு வந்து பேசுகிறார்களா?

மிக அரிது. பண்டிகைக்கு வெளியாகும் படத்தின் குழுவை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அரை நாள் வரவழைத்து, ஒரே அரங்கில் பேட்டி, விளையாட்டு, சமையல் என்று இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துவிடுவோம். இடையில் உடை மட்டும் மாறும். பின்னால் தொங்கும் தோரணத்தைக் கவனியுங்கள், அது மாறியிருக்காது. படம் அன்று காலையே வெளியாகியிருக்கும், ஆனால் தொகுப்பாளர் அது எப்படி ஓடுகிறது என்று கேட்கமாட்டார், வெற்றி பெற வாழ்த்துவார். அதுவே போதுமான அடையாளம்.

பொங்கல் நிகழ்ச்சிக்கு மார்கழியில் வெளிப்புறத்தில் பானை வைத்து எடுக்கலாம். தீபாவளிக்கு அந்த வசதி குறைவு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் என்பதால் பெரும்பாலும் அரங்கத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வோம். பொங்கலில் ஆபத்து வேறு வகை. 2025 பொங்கலுக்கு வரவிருந்த ‘விடாமுயற்சி’ புத்தாண்டுக்குச் சற்று முன்பு தள்ளிவைக்கப்பட்டு, பிப்ரவரி 6 அன்றுதான் வெளியானது. அப்படியொரு படத்தை நம்பி எடுத்த பேட்டி பெட்டியில் தூங்கும். அதனால்தான் எந்தப் படத்தையும் சாராத பட்டிமன்றமும் பாட்டு நிகழ்ச்சியும் கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும்.

ஷா ஆலாம் மாணவி: நான்கு வாரத்தில் இணையத்தில் பார்த்துவிடுகிறோம். பிறகு இது என்ன முதல் ஒளிபரப்பு?

தொலைக்காட்சியில் முதல் முறை, அவ்வளவுதான். கொரோனா காலத்தில் இதற்கு மாற்றாக, திரையரங்குக்கே போகாத படங்களைச் சன் டிவி நேராகப் போட்டது. 2020 தீபாவளிக்கு ‘நாங்க ரொம்ப பிஸி’, 2021 பொங்கலுக்கு ‘புலிக்குத்தி பாண்டி’. திரையரங்குகள் பழைய நிலைக்குத் திரும்பியதும் அந்த வழி பெரிதாக வளரவில்லை. இணையத்தில் வந்தபின்னும் முதல் ஒளிபரப்புக்குக் கூட்டம் சேர்கிறது, ஆனால் அது வீட்டுப் பெரியவர்களாலா அல்லது வெறும் பழக்கத்தாலா என்பதில் துறைக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

செந்தூல் நேயர் மீண்டும்: அப்படியானால் இங்குள்ள அலைவரிசைகள் நம் நேரத்துக்கு ஏன் செய்வதில்லை?

செய்கின்றன. நமக்குக் காலை 9 மணி என்றால் சென்னையில் 6.30, மங்கல இசை ஒலிக்கும் நேரம். அந்த வெற்றிடம்தான் வானவில் போன்ற உள்ளூர் அலைவரிசைகளுக்கும் டிவி2க்கும் கிடைக்கும் சாதகம். நம் கலைஞர்களின் பேட்டிகளையும் தீபாவளி டெலிமூவிகளையும் நம் கடிகாரத்துக்கே வைக்க முடிகிறது. பொங்கல் இங்கே பொது விடுமுறை இல்லை. தமிழ்நாட்டில் மூன்று நாள் விரியும் நிரலை இங்கே வேலை முடிந்து வீடு திரும்பியவர்களுக்காக மாலைக்குள் சுருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் 9 மணிப் படத்துக்கு என்னால் தீர்வு சொல்ல முடியாது. பெட்டியில் பதிவு வசதி இருந்தால், முடியும் நேரத்தை 12.30 என்று சற்றுக் கூட்டி வையுங்கள்.