iperf 94 காட்டினால் குற்றவாளி யார்?

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் கணினி கீழே, சர்வர் மூன்றாம் மாடியில். ஸ்டொக் அறிக்கை எடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மென்பொருள்காரர் வலையமைப்பில்தான் பிழை என்கிறார், கேபிள் போட்டவர் மென்பொருளில்தான் என்கிறார். யாரோ சொல்லி, வலையமைப்பின் வேகத்தை அளக்கும் iperf போட்டுப் பார்த்தேன், 94 என்று வந்தது. இது நல்லதா, கெட்டதா? யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கேபிளில் ஒரு குறை இருக்கக்கூடும். ஆனால் அறிக்கை தாமதமாவதற்கு அனேகமாக அது காரணமில்லை.

முதலில் அந்த 94. இது 100 மெகாபிட் இணைப்பு ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது வரும் எண். கம்பியில் போகும் ஒவ்வொரு பொதியிலும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று ஒரு பகுதி போய்விடும். 1538 பைட் இடத்தில் உங்கள் தரவு 1448 பைட்தான். அதனால் 100இல் 94 மிஞ்சும். இதே கணக்கில் கிகாபிட் இணைப்பு 941 காட்டும்.

இப்போது கடைகளில் வாங்கும் சுவிட்சும் கணினியும் பெரும்பாலும் கிகாபிட்தான். அப்படியிருந்தும் 94 வந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். உள்ளே எட்டு வயர். 100 மெகாபிட்டுக்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒன்று முனையில் சரியாகக் கவ்வவில்லை என்றால் இரு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, எச்சரிக்கையும் வராது. விண்டோஸில் இணைப்பின் விவரத்தைத் திறந்து Link speed பாருங்கள். அங்கே 100/100 என்றிருந்தால், ஏதாவது ஒரு பக்கம் பழைய 100 மெகாபிட் கருவி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முனைகளை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வியாபாரம் நடக்கும் நேரத்தில், இரு திசையிலும், அரை நிமிடமாவது ஓடவிடுங்கள். சர்வரில் முதல் வரி, கீழே உள்ள கணினியில் மற்ற இரண்டும்:

```
iperf3 -s

iperf3 -c 192.168.1.10 -t 30
iperf3 -c 192.168.1.10 -t 30 -R
```

முகவரிக்கு உங்கள் சர்வருடையதைப் போடுங்கள். இணைப்பே கிடைக்காவிட்டால் சர்வரின் ஃபயர்வோல் 5201ஆம் போர்ட்டை மறித்திருக்கும். கடைசி வரியில் உள்ள `-R` திசையைத் திருப்புகிறது, அதாவது சர்வர் அனுப்ப, கீழ்க் கணினி வாங்கும். அறிக்கை வருவது அந்தத் திசையில்தான், ஆனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நொடிக்கொரு வரி வரும். எல்லாம் 94, 94, 93 என்று தட்டையாக இருந்தால் கம்பி ஒழுங்காக வேலை செய்கிறது. 90, 41, 3, 77 என்று குதித்தாலோ, ஒரு திசையில் 94, மறுதிசையில் 8 என்று வந்தாலோ கேபிள்காரரைக் கூப்பிடலாம். அனுப்பும் பக்கம் லினக்ஸ் என்றால் Retr என்ற நிரலும் இருக்கும். தொலைந்துபோய் மறுபடி அனுப்பிய பொதிகளின் எண்ணிக்கை அது. இப்படி உள்ளூர் கேபிளில் அது பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும், நூற்றுக்கணக்கில் ஏறினால் பிழை இருக்கிறது. விண்டோஸில் இந்த நிரல் வராது, அப்போது வேகத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பிழை எந்தத் துண்டில் என்று தெரிய, ஒரு மடிக்கணினியை மேல்மாடி சுவிட்சில் நேரே செருகி அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே சுத்தமாக வந்தால் கோளாறு மாடிக்கும் கடைக்கும் இடையில்.

சரி, இரு திசையும் தட்டையாக 94 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை ஏன் தாமதம்? அறிக்கை ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் Ethernet வரைபடத்தைத் திறந்து வையுங்கள். கோடு 90ஐத் தொட்டபடி நின்றால் கம்பி போதவில்லை. இரண்டு மூன்று மெகாபிட்டில் ஊர்ந்தால், 94 போகக்கூடிய வழியில் மென்பொருள் அதில் ஒரு துளியைத்தான் பயன்படுத்துகிறது. அதை 941 ஆக்கினாலும் அறிக்கைக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் அதே அறிக்கையைச் சர்வருக்கு முன்னாலேயே உட்கார்ந்து எடுங்கள். அங்கேயும் இரண்டு நிமிடம் ஆனால் வலையமைப்பை மறந்துவிடலாம். டிஸ்க்கோ, தரவுத்தளமோ, அறிக்கை எழுதிய விதமோதான் காரணம். iperf இதையெல்லாம் தொடுவதே இல்லை. அது ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான்.

சர்வரில் சட்டென்று வந்து, கீழே மட்டும் தாமதம் என்றால் கதை சிக்கலாகிறது. கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் இதைத்தான் பார்த்தேன். சர்வரில் 9 நொடி, மேசையில் 95 நொடி. iperf இரு பக்கமும் 941, வரைபடத்தில் 5, 6 மெகாபிட். கேபிள்காரர் iperf தாளை நீட்டினார், மென்பொருள்காரர் அந்த 9 நொடியைக் காட்டினார். இருவர் கையிலும் ஆதாரம் இருந்தது!

விஷயம் இதுதான். 40,000 பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் விலை, இருப்பு, கடைசி விற்பனை என்று மூன்று கேள்விகளை அந்த மென்பொருள் தனித்தனியாகக் கேட்டது. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. மொத்தம் 1,20,000 முறை போய்வர வேண்டும். ஒரு போக்குவரவுக்கு 0.7 மில்லிநொடி என்றாலும் 84 நொடி. பேருந்தில் ஐம்பது பேரை ஏற்றாமல் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது மாதிரி. வீதியை எத்தனை அகலமாக்கினாலும் நேரம் குறையாது. iperf அளப்பது வீதியின் அகலத்தை. போய்வரும் நேரத்தை அது சொல்லாது.

அதைத் தோராயமாகப் பார்க்க `ping` உண்டு. ஆனால் விண்டோஸ் ஒரு மில்லிநொடிக்குக் கீழே எல்லாவற்றையும் `<1ms` என்று ஒரே மாதிரிக் காட்டும். 0.2க்கும் 0.9க்கும் வித்தியாசம் தெரியாது, மேலே உள்ள கணக்கிலோ அது 24 நொடிக்கும் 108 நொடிக்கும் உள்ள வித்தியாசம். லினக்ஸில் போட்டால் புள்ளிக்குப் பின்னாலும் காட்டும். பில் கணினியை இடையில் வைஃபைக்கு மாற்றியிருந்தால் நேரம் சில மில்லிநொடிகளுக்கு ஏறும், iperf எண் ஓரளவு நன்றாக இருந்தாலும் அறிக்கை பல நிமிடம் இழுக்கும்.

இந்த நிலை உங்களுக்கும் என்றால், நிரந்தரத் தீர்வு மென்பொருள்காரர் கையில்: எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கும்படி அறிக்கையை மாற்ற வேண்டும். அதுவரை, கீழிருந்து ரிமோட் டெஸ்க்டொப் வழியாகச் சர்வருக்குள் போய் அங்கேயே அறிக்கையை ஓட்டுங்கள். அவரிடம் பேசும்போது iperf எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சர்வரில் எத்தனை நொடி, கடையில் எத்தனை நொடி, அப்போது வரைபடத்தில் எத்தனை மெகாபிட் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.