டொலர் எஃப்.டிக்கு வட்டி வந்தும் ரூபா ஏன் குறைந்தது?

கேள்வி: "சவூதியில் டிரைவர் வேலை. ஊர் பேங்கில் டொலரில் எஃப்.டி போட்டேன். வட்டி சரியாக ஏறியிருக்கிறது. ஆனால் ரூபாவாக மாற்றினால் போட்டதைவிடக் குறைவாக வரும் போலிருக்கிறது. இது எப்படி?"

இதே கேள்வியை என் அக்கா சவூதியிலிருந்து அழாத குறையாகக் கேட்டார். மஸ்கெலியாவில் வீட்டுக்கூரை போட வைத்திருந்த காசு அது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

2022 கடைசியில் ஹட்டன் டவுனில் உள்ள ஒரு பேங்கில், ஒரு வருடத்துக்கு, 6 சதவீத வட்டியில் 5,000 டொலர் போட்டோம். அன்றைக்கு பேங்க் ஒரு டொலரைக் கிட்டத்தட்ட 360 ரூபாவுக்கு வாங்கியது. அதாவது 18 இலட்சம். ஒரு வருடம் கழித்து வட்டியோடு 5,300 டொலர் ஆனது, அதில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. ஆனால் 2023 கடைசியில் வாங்கும் விலை 319 அளவுக்கு இறங்கியிருந்தது. 5,300ஐ 319ஆல் பெருக்கினால் 16 இலட்சத்து 90 ஆயிரத்து 700. ஒரு இலட்சத்துக்கு மேல் குறைவு.

வட்டி 6 சதவீதம் கூட்டியது, டொலர் விலை 11 சதவீதத்துக்கு மேல் கழித்தது. இரண்டும் ஒன்றோடொன்று பெருகித்தான் ரூபாவில் நம் வருமானம் வரும். டொலர் வட்டி எப்போதும் சின்னது. அதனால் பெரிய பங்கை முடிவு செய்வது டொலர் விலைதான். அதற்கு முந்தைய வருடம் இதே கணக்கு தலைகீழாக இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அப்போது டொலரில் வைத்திருந்தவர்களுக்கு வட்டியே இல்லாமல் ரூபா கூடியது. ஆனால் அரிசி, சீமெந்து எல்லாம் கூடவே ஏறின என்பதால் அதை முழு இலாபமாக எண்ண முடியாது.

எஃப்.டி போடும் அன்றைக்கே ஒரு எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருக்கலாம். நாங்கள் செய்யாமல் விட்டது அதைத்தான். அன்றைய வாங்கும் விலையை 1.06ஆல் வகுத்தால் 340 வரும். டொலர் அதற்குக் கீழே போனால் வட்டி வந்தும் ரூபாவில் நட்டம்.

இன்னொரு எண் இதைவிட முக்கியம். அந்த நேரத்தில் ரூபா எஃப்.டிக்கு ஒரு வருடத்துக்கு 20 சதவீதம் அளவு வட்டி கொடுத்தார்கள். 360ஐ 1.20ஆல் பெருக்கி 1.06ஆல் வகுத்தால் 407க்கு மேல் வருகிறது. வருட முடிவில் டொலர் 407ஐத் தாண்டினால்தான் டொலரில் வைத்தது மேல், இல்லாவிட்டால் அன்றைக்கே ரூபாவாக மாற்றிப் போட்டதுதான் மேல். ரூபா வட்டி அவ்வளவு உயர்ந்திருந்ததே டொலருக்கு நாங்கள் எவ்வளவு பெரிய ஏற்றத்தை நம்பியிருந்தோம் என்று காட்டியது. நாங்கள் பார்க்கவில்லை. இப்போது நீங்கள் போட்டுப் பார்த்தால், உதாரணத்துக்கு டொலர் 300, டொலர் வட்டி 4, ரூபா வட்டி 8 என்றால் அந்த எண் கிட்டத்தட்ட 311.50. வரி கழித்துக் கையில் வரும் வட்டியை வைத்தே கணக்குப் பாருங்கள்.

பேங்க் பலகையில் இரண்டு விலை இருக்கும். உங்களிடமிருந்து டொலரை வாங்கும்போது அவர்கள் கொடுப்பது வாங்கும் விலை, அதுதான் குறைவானது. விற்கும் விலைக்கும் அதற்கும் நடுவே பல ரூபா வித்தியாசம் உண்டு. போட்ட நாளுக்கு விற்கும் விலையையும் எடுக்கும் நாளுக்கு வாங்கும் விலையையும் வைத்தால் இல்லாத நட்டம் ஒன்று தெரியும். உங்கள் கணக்கில் அந்தத் தவறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவணைக்கு முன் உடைத்திருந்தால் வட்டியும் குறைந்திருக்கும், சான்றிதழில் உள்ள வட்டியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரியாலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் சம்பளமும் டொலரோடுதான் போகிறது. அதாவது மாதா மாதம் நீங்கள் சம்பாதிப்பதே டொலர் மாதிரி. சேமிப்பையும் அதிலேயே வைத்தால் டொலர் இறங்கும்போது இரண்டும் சேர்ந்து இறங்கும்.

எஃப்.டி முதிர்ந்த நாளில் அக்கா கூரைக்கு வேண்டிய பாதியை ரூபாவாக மாற்றினார். தகரத்துக்கும் மேசனுக்கும் ரூபாவில்தானே கொடுக்க வேண்டும். மீதிப் பாதியை டொலரிலேயே விட்டார், அடுத்த வருடமும் டொலர் இறங்கி 290க்குப் பக்கம் வந்தது. உங்கள் எஃப்.டி தானாகப் புதுப்பிக்கப்படும்படி எழுதியிருந்தால், முதிர்வுக்கு ஒரு வாரம் முன்பே பேங்குக்குச் சொல்லி நிறுத்துங்கள். அப்புறம் அன்றைய விலையில் அந்த இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.